குப்பைமேனி சோப்பின் அடக்க விலை

செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பச்சையம்மா போன பிறகு சாத்தாங்காட்டுப் பக்கம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் அப்படித்தான் பேசினார்கள். அவள் இருந்தபோது இதே ஆட்கள்தான் தெரு முழுக்கக் கேட்கும்படி, "இன்னாக்கா, ஒரு சோப்பு சும்மா குட்த்தா கொறைஞ்சா பூடுவ" என்று கத்தியவர்கள். அதனால் நடந்ததை நான் சத்தமாகவே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் பெயர் சாபிரா. வீடு தண்டையார்பேட்டை. பச்சையம்மாவுக்கு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் ஒன்பது வருஷம் சட்டை தைத்தோம். கம்பெனியை மூடிவிட்டு முதலாளி திருப்பூர் பக்கம் போய்விட்டார். மகளிர் குழுவில் சோப்பு போடச் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் வீட்டு அடுப்படியில்தான் முதல் சோப்பு போட்டோம். விற்பனை சூடு பிடித்ததும், லைசென்ஸ் இல்லாமல் கடையில் வைக்க முடியாது, லைசென்ஸுக்கு அடுப்படி ஆகாது, தனி இடம் வேண்டும் என்றார்கள். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தோம். முன்பாதியில் தராசு, மேஜை, சோப்புகளை உலரவைக்கும் தட்டு அலமாரி. பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு பலகை. சோப்பைக் காகிதத்தில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு, லேபிள் ஒட்டுகிற இடம் அது. வாசல் ஒன்றே ஒன்று. வடக்கிலிருந்து காற்று அடித்தால் எல்லாவற்றின் மேலும் கறுப்புத் தூசி படியும் என்பதால் ஜன்னலை நாங்கள் திறப்பதே கிடையாது.

சோப்பு, நலங்குமாவு, வெட்டிவேர் எண்ணெய் என்று மூன்று சரக்கு இருந்தாலும் ஓடியது குப்பைமேனி சோப்புதான். நூறு கிராம், எம்.ஆர்.பி. நூற்றைம்பது ரூபாய். அதன் அடக்கவிலை ஐம்பது என்று நாங்கள் இருவரும் முடிவு கட்டியிருந்தோம். எண்ணெய், காஸ்டிக் சோடாக் காரம், இலைச்சாறு எல்லாம் சேர்த்து முப்பத்துநான்கு. காகிதம், பெட்டி, லேபிள் ஒன்பது. வாடகை, கரண்ட், லைசென்ஸ் எல்லாவற்றையும் பங்கு போட்டால் ஏழு. கூலி என்று ஒரு பைசா அதில் இல்லை. குழுவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். நம் கைக்கு நாமே கூலி போடுவதா என்று சிரிப்பார்கள். மாசக் கடைசியில் கையில் மிஞ்சியதைப் பாதி பாதியாக எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஐயாயிரம், ஐயாயிரத்து ஐந்நூறு வரும். அதை லாபம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் பிரியாணி வாங்கித் தின்றதும் உண்டு.

மார்கழியில் பச்சையம்மா செத்துப்போனாள். மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் மூச்சு நின்றுவிட்டது. ஐம்பத்தோரு வயசு. அவள் மகள் ஷாலு, இந்த அறையின் சாவி ஒன்றை அம்மாவின் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். இருந்ததே இரண்டு சாவி. அன்றிலிருந்து இரண்டும் என்னிடம்தான் இருந்தன.

கடையை மூடிவிடலாம் என்றிருந்த நேரத்தில்தான் திலீப் போன் செய்தான். சென்னையில் பதினோரு கடை வைத்திருக்கும் 'நித்திலம்' என்கிற கடைக்காரர்களுக்குச் சரக்கு வாங்குகிறவன். மாசம் இரண்டாயிரம் சோப்பு வேண்டும், வரி போக அறுபத்திரண்டு ரூபாய் தருவேன் என்றான். நாங்கள் மாசத்துக்கு முந்நூறு சோப்பு விற்றாலே பெரிய விஷயம். ஐம்பது ரூபாய்ச் சரக்கு, அறுபத்திரண்டுக்குப் போனால் சோப்புக்குப் பன்னிரண்டு. மாசம் இருபத்துநாலாயிரம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்து இரண்டு வருஷம் ஆகிறது. வாடகை ஏறப்போகிறது. அந்த இருபத்துநாலாயிரம் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஷாலுவைக் கூப்பிட்டேன். அவளுக்கு இருபத்தைந்து வயசு. ஆன்லைனில் விற்கிறவர்களுக்குக் கணக்கும் பட்டியலும் பார்த்துத் தருகிற ஆபீஸில் பாரிமுனையில் வேலை செய்கிறாள். ஒரு சனிக்கிழமை காலையில் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, ஆன்லைன்ல ஒரு ஒரு சோப்பா நூத்தி இருவத்தொம்பதுக்கு வித்துகினு கீறீங்க. அதுல இன்னா வருதுன்னு எப்பனா பாத்தீங்களா?"

"அக்கவுண்ட்ல துட்டு ஏறுது இல்ல."

"ஏறுது. வரிய எட்த்துட்டா நூத்தி இருவத்திமூணு. கமிஷன், அவங்க வாங்கற பிக்ஸட் பீஸு, கூரியர், அல்லாம் சேத்து எம்பத்திரெண்டு அவங்களே புட்ச்சிக்கிறாங்க. நம்ம அட்டப்பொட்டிக்கி ஆறு. மிச்சம் முப்பத்தஞ்சு. அம்பது ரூபா சரக்க முப்பத்தஞ்சுக்கு வித்துகினு கீறோம்."

ஒவ்வொரு ஆர்டருக்கும் செல்போன் மணி அடிக்கும்போது நானும் பச்சையம்மாவும் கையைத் தட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"ஒரு சோப்பு அனுப்புனாலும் மூணு அனுப்புனாலும் அரக்கிலோவுக்குள்ள கூரியர் ஒண்ணுதான்" என்றாள் ஷாலு. "மூணா கட்டி நானூத்தி இருவதுன்னு போடலாம். எல்லாச் செலவும் போவ, விளம்பரம், ரிட்டர்ன் அல்லாம் போவ, எரநூத்தி நாப்பது நிக்கும். சோப்புக்கு எம்பது. ஒண்ணு ஒண்ணா விக்கறத நிறுத்திடுங்க. காஜா மொய்தீன் அண்ணே கடைக்கு தொண்ணூத்தஞ்சுக்கு குட்க்கிறீங்களே, அது நல்ல வெல. அதுல கை வெக்காதீங்க."

காஜா மொய்தீன் வண்ணாரப்பேட்டையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். எங்கள் சோப்பை முதலில் அலமாரியில் வைத்தவர் அவர்தான்.

அப்புறம் அவள் திரையைக் காட்டினாள். எண்ணெய், பெட்டி, வாடகை எல்லாவற்றுக்கும் கீழே 'கூலி' என்று ஒரு வரி காலியாக இருந்தது.

"இதுல இன்னா போட?"

"சைபர் போடு. உங்கம்மா இன்னா சொல்லும்? நம்ம கைக்கு நமக்கே இன்னாத்துக்கு துட்டுன்னு சொல்லும்."

ஷாலு சைபர் போட்டாள். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அறுவது சோப்புக்கு எட்டு மணி நேரம் ஆவுது. காய்ச்சி ஊத்தறது, அறுக்கறது, திருப்பிப் போடறது, சுத்தறது. ரெண்டாயிரம் சோப்புன்னா மாசம் எரநூத்தி அறுவத்தேழு மணி நேரம். யாரு செய்யப் போறா?"

"நான் செய்வேன். நீ உன் வேலய பாரு" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் வாயில் வரும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. பச்சையம்மா கடைசியாக ஊற்றிய சோப்புகள் ஆறு வாரம் உலர்ந்து சுற்றத் தயாராக இருந்தன. நாற்பதை எடுத்துப் பலகையில் அடுக்கினேன். மதியம் பன்னிரண்டரைக்குப் பூட்டிக்கொண்டு கூரியர் ஆபீஸுக்குப் போனேன். திரும்பும்போது மணி இரண்டு. நல்ல வெயில். பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே நாற்பது சோப்பும் காகிதம் சுற்றி, பெட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டி, ஐந்து ஐந்தாக அடுக்கி இருந்தன.

ஷாலு வந்திருப்பாள் என்று நினைத்தேன். போன் போட்டேன். ஆபீஸில் இருப்பதாகச் சொன்னாள். சாவியே இல்லாமல் எப்படி வருவாள் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். பச்சையம்மாவுக்கு இடது கைப் பழக்கம். காகிதத்தின் மடிப்பை இடமிருந்து கொண்டுவந்து மூலையை உள்ளே செருகுவாள். நான் பலமுறை முயன்றும் எனக்கு வராத மடிப்பு அது. நாற்பதிலும் அதே மடிப்பு இருந்தது.

நான் ஓடவில்லை. ஓடினேன் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும், ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே லாரியிலிருந்து இரும்புத் தகடு இறக்குகிற சத்தம். கன்னங்கரேலென்று ஒரு பூனை வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அது பாட்டுக்குத் தூங்கியது. அறைக்குள் அவள் தலையில் வைக்கிற எண்ணெய் வாசம் வந்தது. பிஸ்மி சொன்னேன். தெரிந்த ஓதல் எல்லாம் ஓதினேன். வாசம் போகவில்லை.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். பத்து சோப்பு, பத்து காகிதம், பத்து பெட்டி எண்ணி வைத்துவிட்டு, பூட்டி, பஸ் ஸ்டாப் வரை நடந்து, டீ குடித்து, அரை மணி கழித்து வந்தேன். பத்தும் முடிந்திருந்தன. நாற்காலியின் பிளாஸ்டிக்கைத் தொட்டால் யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் சூடாக இருந்தது.

இதற்கு மேல் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் பயந்தேன். மூன்றாம் நாள் அழுதேன். நான்காம் நாள் கணக்குப் போட்டேன். மாசம் இருநூற்று அறுபத்தேழு மணி நேரம், கூலி சைபர். திலீப் சொன்ன அறுபத்திரண்டு ரூபாய் விலை இப்போது எனக்கு அருமையான விலை. யாரும் கேட்காமல் அவளே வந்து செய்கிறாள், செய்யட்டுமே என்று நினைத்தேன். பேய்க்குப் பசி உண்டா, வாடகை உண்டா? அன்று சாயந்திரமே திலீப்புக்குச் சரி என்று மெசேஜ் அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை இடத்தைப் பார்க்க வருகிறேன், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று பதில் வந்தது.

அவனுக்குக் காட்டுவதற்காகச் சரக்கைக் கூட்டினேன். சுற்றுவது மட்டும் போதாது என்று அறுக்க வேண்டிய பாளங்களையும் பலகையில் வைத்துவிட்டுப் போனேன். அறுத்து வைத்திருந்தது. அறுபது வைத்தால் அறுபது. தொண்ணூறு வைத்தால் தொண்ணூறு. நூற்றிருபது வைத்த அன்று திரும்பி வந்தபோது முடிந்திருந்தது, ஆனால் மடிப்புகள் தளர்ந்திருந்தன. சில காகிதங்களில் ஈரம். வியர்வைக் கையால் பிடித்த மாதிரி விரல் தடங்கள். ஒரு சோப்பில் கட்டைவிரல் ஆழமாகப் பதிந்திருந்தது, விழப்போகிறவள் எதையாவது பிடித்துக்கொள்கிற மாதிரி.

வியாழக்கிழமை காலை ஷாலு நலங்குமாவு லேபிளைக் கொடுக்க வந்தாள். மேஜையிலிருந்த பெட்டி ஒன்றை விளையாட்டாகத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது அம்மா மட்ச்சது" என்றாள்.

"பழைய ஸ்டாக்கு."

"பெட்டி மேல இந்த மாசத்து பேட்ச் நம்பர் கீது, ஆன்ட்டி."

"பழசுல கெடந்தத நான்தான் எட்த்து புதுப் பொட்டில போட்டேன். இன்னா, போலீஸ் மாரி கேட்டுகினு கீற?"

அவள் அந்தக் காகிதத்தை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். அதைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அங்கேயே உட்கார்ந்துகொண்டிருப்பாள், அறையை விட்டு நகர மாட்டாள், அப்புறம் வேலை நடக்குமோ நடக்காதோ. இப்படி யோசித்தது நான்தான். பச்சையம்மாவின் மகளிடமிருந்து பச்சையம்மாவை மறைத்தேன்.

அன்று மதியம் வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். 'நித்திலம்' விஷயத்தைக் காஜா மொய்தீனிடம் சொன்னேன். அவர் கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இன்னா வெலக்கிம்மா குட்க்கிற?"

சொன்னேன்.

"அறுவத்திரெண்டுக்கு வாங்கறவன் நூத்திப்பத்துக்கு போர்டு வெப்பான். என் கஷ்டமரு செல்லுல அத்த காட்டி, பாய், அங்க நூத்திப்பத்து, நீ இன்னா நூத்தம்பது சொல்றேன்னு கேப்பான். நான் அப்பால உன் சோப்ப வெக்க மாட்டேன். கோச்சிக்காத." கல்லாவைச் சாத்திவிட்டு அவரே, "கூட ஒரு பொண்ணு வரும், எளச்சிகினே, பச்சையம்மா. அது பூட்ச்சின்ன. அப்ப ஆளு யாரு?" என்றார்.

"கீது ஒரு ஆளு."

"கூலி குட்த்துமா உனக்கு அறுவத்திரெண்டு கட்டுப்படியாவுது?"

நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இளைத்துக்கொண்டே என்று அவர் சொன்னதுதான் பஸ்ஸில் வரும்போது காதிலேயே இருந்தது. ஆமாம், மூச்சிளைப்பு அவளுக்கு. புரட்டாசியிலிருந்தே.

அறைக்கு வந்தபோது மணி இரண்டரை இருக்கும். சாவியைக் கையில் எடுத்துவிட்டு, போடாமல், கதவில் காதை வைத்தேன். அதுவரை நான் அப்படிச் செய்ததே இல்லை. காகிதம் சரசரக்கிற சத்தம் கேட்டது. பெட்டி மூடுகிற சத்தம். மறுபடி காகிதம். பத்து முறை இப்படி. பிறகு சத்தம் நின்று, மூச்சு கேட்டது. நீளமாக இழுத்து, நடுவில் மாட்டிக்கொண்டு, சீட்டியடிக்கிற மாதிரி வெளியே வருகிற மூச்சு. அது கொஞ்சம் அடங்கியதும் மறுபடி காகிதம்.

அந்த மூச்சை நான் அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். கார்த்திகைக் கடைசியில், தை மாசக் கல்யாணம் ஒன்றுக்கு நானூறு சோப்பு ஆர்டர். பத்து சோப்பு சுற்றுவாள், கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சு வாங்குவாள், மறுபடி பத்து. பச்சையம்மாவின் எதிர்வீட்டுப் பவுனம்மாள் வந்து, நான் சுற்றித் தருகிறேன், பச்சையம்மாவை வீட்டுக்கு அனுப்பு, மணிக்குத் தொண்ணூறு ரூபாய் கொடு என்றாள். நானும் பச்சையம்மாவும் கணக்குப் பார்த்தோம். கல்யாண வீட்டுக்கு எழுபதுக்குப் பேசியிருந்தோம். கூலி கொடுக்க ஆரம்பித்தால் எல்லா வேலைக்குமாகச் சோப்புக்குப் பன்னிரண்டு போய்விடும், மிச்சத்தில் பாதி பாதி எடுத்தால் கையில் என்ன நிற்கும் என்று பவுனம்மாளைத் திருப்பி அனுப்பினோம். வேண்டாம் என்று சொன்னது பச்சையம்மாதான். ஆனால் அவள் சொல்லும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. விலையில் கூலி இருந்திருந்தால் அவளை ஒரு மாசம் படுக்க வைத்திருக்கலாம். விலையில் இல்லாததால் அவள்தான் உட்கார வேண்டியிருந்தது. காய்ச்சல் வந்த நான்காம் நாள் அவள் செத்தபோது, முந்நூற்று எண்பது சுற்றி முடித்திருந்தாள். மிச்சம் இருபதை நான் சுற்றினேன்.

கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சத்தம் ஓய்ந்த பிறகுதான் உள்ளே போனேன். நூறு பெட்டி அடுக்கியிருந்தது. தொட மனசு வரவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்குத் திலீப் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, கையில் டேப்லெட். சின்னப் பையன் இல்லை, முப்பத்தைந்து வயசு இருக்கும். நல்ல மனுஷன்தான், அதையும் சொல்ல வேண்டும். வாசலில் நின்றபடியே தராசு முத்திரை, லைசென்ஸ், லேபிளில் எடை, தேதி, எம்.ஆர்.பி. எல்லாவற்றையும் பார்த்தான்.

"அறுபது நாள் கிரெடிட் மேடம். எங்க குடோனுக்கு நீங்கதான் கொண்டுவந்து குடுக்கணும். தேதி முடிஞ்ச சரக்கை ரிட்டர்ன் எடுத்துக்கணும். எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

"ரெண்டு பேரு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அப்போது தடுப்புக்குப் பின்னால் காகிதம் சரசரத்தது.

நான் அறையில் இருக்கும்போது அதுவரை ஒருநாளும் அது நடந்ததில்லை. திலீப் சர்வசாதாரணமாக அந்தப் பக்கம் போய்த் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தான். அவன் உயரமான ஆள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பேச வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டவனாகத் திரும்பி வாசலுக்கே வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"கை நல்ல வேகம். ஆனா அந்தக்காவுக்கு உடம்பு முடியல போல. வேர்த்து ஊத்துது. ஃபேன்கூட இல்லையே அங்க." டேப்லெட்டில் எதையோ தொட்டான். "நீங்க அனுப்பின காஸ்டிங் ஷீட்ல கூலிங்கற கட்டம் மட்டும் நிரப்பல. அவங்களுக்கு எவ்வளவு குடுக்கறீங்க?"

அவளுக்கு எவ்வளவு என்று உலகத்தில் யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. நானும் என்னிடம் கேட்டதில்லை. இருபத்துநாலாயிரம் கண் முன்னால் நின்றது. படுக்கையில் கிடக்கிற என் வீட்டுக்காரர் நின்றார். ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டியதுதான், இவன் எழுதிக்கொள்வான், கையெழுத்துப் போடுவான், அவள் தினமும் வருவாள். மாசம் இரண்டாயிரம். வருஷம் இருபத்துநாலாயிரம் சோப்பு. மூச்சு இழுத்துக்கொண்டு, பத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு. நான் செத்த பிறகும் அந்த விலை இருக்கிறவரை அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

"சோப்புக்குப் பன்னெண்டு ரூபா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன். "அறுவது சோப்புக்கு எட்டு மணி நேரம், மணிக்குத் தொண்ணூறு. அடக்கமே அறுவத்திரெண்டு ஆவுது சார். உங்க வெலக்கி குட்த்தா எனுக்கு ஒண்ணும் நிக்காது. உங்க குடோனுக்கு வண்டி வாடக நான் கைல இருந்து குட்க்கணும். தொண்ணூத்திரெண்டுன்னா குட்க்கிறேன். மாசம் ஐநூறு சோப்புதான். ரெண்டு மாச கடன் வேணாம், ஒரு மாசம்."

தடுப்புக்குப் பின்னால் சத்தம் நின்றுவிட்டது.

திலீப் கோபப்படவில்லை. "எழுபதுக்கு மேல எனக்கு அனுமதி இல்ல மேடம். நேத்து வரைக்கும் அறுபத்திரெண்டு சரின்னு சொன்னீங்களே."

"நேத்து கூலிய போடாம சொல்ட்டேன்."

"மேலிடத்துல கேட்டுப் பாக்கறேன்" என்றான். கேட்க மாட்டான் என்று இருவருக்கும் தெரிந்தது. டேப்லெட்டை மூடிவிட்டு, போவதற்குத் திரும்பியவன் நின்றான். நின்ற இடத்திலிருந்தே தடுப்பின் ஓரத்து இடைவெளி வழியாக மறுபடி எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அந்தக்கா எங்க போனாங்க?"

"வேல முட்ஞ்ச்சிது. வூட்டுக்குப் பூட்ச்சி."

திலீப் தான் சாய்ந்திருந்த நிலைப்படியைப் பார்த்தான். அறைக்கு இருந்த ஒரே வாசல் அதுதான், அவன் அங்கிருந்து நகரவே இல்லை. வேகமாக இறங்கி, இரும்பு லாரிகளுக்கு நடுவே நடந்து போனான். கார்க் கதவைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்டது.

நான் தடுப்புக்குப் பின்னால் போனேன். நாற்காலி காலி. பலகையில் ஒரே ஒரு சோப்பு, காகிதத்தின் நடுவில், சுற்றாமல் கிடந்தது. நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. எண்ணெய் வாசம் இல்லை. காரமும் குப்பைமேனியும் கலந்த வழக்கமான நெடி மட்டும்தான்.

எனக்குக் கோபம் வந்தது. ஆத்திரம்தான் எனக்கு முதலில் வரும், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

"ஒரு வார்த்த சொல்லினு போனா இன்னா?" என்று கத்தினேன். "பன்னெண்டு ரூபாக்கா. வெறும் பன்னெண்டு ரூபா. காஜாண்ணே தர்ற தொண்ணூத்தஞ்சுல அது பூந்துகினு இருந்திருக்கும். கல்யாணத்துக்கு எழுவதுன்னு சொன்னமே, தொண்ணூறுன்னு சொல்லியிருந்தா குட்த்திருப்பாங்க. பவுனம்மாள இஸ்து உக்கார வெச்சிட்டு உன்ன ஆஸ்பத்திரில சேத்திருப்பேன். நீயும் கேக்கல. நானும் போடல."

சுடுகாட்டில் நான் அழவில்லை. எல்லோரும் அழுதார்கள், நான் தண்ணீர் பாக்கெட் வாங்க ஓடிக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் அழுதேன். அவள் வரக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். ஒரே ஒருமுறை வந்துவிட்டுப் போகட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். நான் அழுது முடிக்கிறவரை பலகை மேலிருந்த அந்தக் காகிதம் அசையவே இல்லை.